வைஃபை 54-க்கு மேல் ஏறவில்லையா? ரவுட்டரில் TKIP இருக்கிறதா பாருங்கள்

நூறு எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறோம், வைஃபையில் வேகம் பார்த்தால் இருபதைத் தாண்ட மாட்டேன் என்கிறது. இந்தப் புகாரைச் சொன்னால் உடனே வரும் பதில்கள் தெரிந்தவைதான்: லைன் சரியில்லை, ரவுட்டர் பழசு, சுவர் தடிமன், பக்கத்து வீட்டு வைஃபை இடைஞ்சல். எல்லாமே காரணமாக இருக்கக்கூடியவை. ஆனால் புது ரவுட்டர், புது லேப்டாப், இரண்டும் ஒரே அறையில் என்றிருந்தும் வேகம் இருபதில் நின்றால், ரவுட்டரின் செக்யூரிட்டி பக்கத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. அங்கே TKIP என்ற நான்கு எழுத்து இருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

இந்த விஷயத்தைச் சுற்றி ஒரு தலைகீழான நம்பிக்கை உலவுகிறது. "பாதுகாப்பைக் கூட்டினால் வைஃபை மெதுவாகிவிடும், பழைய செட்டிங்தான் லேசானது" என்பார்கள். நடப்பது நேர் எதிர். வலுவான புதிய முறையில்தான் முழு வேகம் கிடைக்கும். பழைய முறையை வைத்துக்கொண்டால் ரவுட்டரும் லேப்டாப்பும் எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் போகாது.

## ஒரே தண்டவாளம், இரண்டு வகைப் பெட்டி

ரயிலை எடுத்துக்கொள்வோம். எஞ்சினால் மணிக்கு 130 கிலோமீட்டர் ஓட முடியும், தண்டவாளமும் அதற்கு இடம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கோத்திருப்பது பழைய ஐ.சி.எஃப் வகைப் பெட்டிகள் என்றால் வண்டி 110-க்கு மேல் போகக் கூடாது. எல்.எச்.பி பெட்டிகளைக் கோத்தால் 130 போகலாம். எஞ்சினில் குறை இல்லை, தண்டவாளத்திலும் குறை இல்லை. எந்தப் பெட்டிக்கு எவ்வளவு என்று விதி இருக்கிறது, ஓட்டுநர் அதன்படி ஓட்டுகிறார்.

வைஃபையில் எஞ்சின் என்பது உங்கள் லேப்டாப்பும் ரவுட்டரும். தண்டவாளம் காற்றில் இருக்கும் அலைவரிசை. பெட்டி என்பது தகவலைப் பூட்டி அனுப்பும் முறை, அதாவது என்கிரிப்ஷன். வைஃபைக்கும் இப்படியொரு விதி எழுதப்பட்டிருக்கிறது: பழைய பூட்டில் தகவல் போனால் 54 எம்பிபிஎஸ்தான் உச்சம்.

## பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

ரவுட்டர் திரையில் இரண்டு வகைப் பெயர்கள் கலந்து கிடக்கும். குழப்பத்தில் பாதி அதனால் வருவதுதான்.

முதல் வகை WEP, WPA, WPA2, WPA3. இவை பாதுகாப்பு முறையின் தலைமுறைப் பெயர்கள். கருவியும் ரவுட்டரும் ஒன்றையொன்று எப்படி அடையாளம் கண்டு சேர வேண்டும், எந்தப் பூட்டைப் பயன்படுத்த வேண்டும் என்பதை மொத்தமாக வகுப்பவை. WEP 1997-இல் முதல் வைஃபை தரத்தோடு வந்தது. 2001-இலேயே அதை உடைக்கும் வழி வெளியாகிவிட்டது. அவசரத்துக்கு 2003-இல் WPA வந்தது. 2004-இல் முறையாக WPA2, 2018-இல் WPA3.

இரண்டாவது வகை TKIP, AES. இவைதான் பூட்டு. WPA-க்கு வழக்கமான பூட்டு TKIP, WPA2-க்கு AES. சில திரைகளில் AES-க்குப் பதில் CCMP என்று இருக்கும். வீட்டு வைஃபையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். பெயரோடு ஒட்டிவரும் PSK என்பதற்கு, வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்று அர்த்தம், அவ்வளவே.

வேகத்தைக் கட்டிப்போடுவது பூட்டு. தலைமுறைப் பெயர் அல்ல. சில ரவுட்டர்களில் WPA-வுடன் AES-ஐச் சேர்த்துத் தேர்வு செய்ய முடியும், அப்போது 54 என்ற தடை வராது. சில பழைய ரவுட்டர்களில் WPA2-வுடனேயே TKIP-ஐத் தேர்வு செய்ய விடுவார்கள். "என் ரவுட்டரில் WPA2 இருக்கிறதே, அப்புறம் ஏன் மெதுவாக இருக்கிறது?" என்று கேட்பவர்கள் பக்கத்துக் கட்டத்தில் எந்தப் பூட்டு தேர்வாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: WPA, WPA2 என்பவை முறையின் பெயர்கள், TKIP, AES என்பவை பூட்டின் பெயர்கள். பூட்டு TKIP (அல்லது அதைவிடப் பழைய WEP) என்றால் 54-தான் எல்லை.

## அப்படியொரு விதி ஏன்?

TKIP பிறந்த விதத்தில் பதில் இருக்கிறது. WEP உடைந்தபோது அதை நம்பி விற்ற கருவிகள் ஏற்கெனவே வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் இருந்த சிப்புக்கு WEP-இன் கணக்கைத்தான் போடத் தெரியும். எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்ல முடியாது. எனவே அதே சிப்பில், மென்பொருளை மட்டும் புதுப்பித்து ஓடும்படி ஒரு ஒட்டு வேலை செய்தார்கள். அதுதான் TKIP. செய்தியை நடுவில் யாராவது திருத்தினார்களா என்று பார்க்கும் சோதனையைக்கூட, பழைய சிப் தாங்க வேண்டும் என்பதற்காகவே லேசாக வைத்தார்கள். செய்தவர்களே இதைத் தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள்.

2009-இல் 802.11n என்ற தரம் இறுதியானது. கடைகளில் வைஃபை 4 என்று சொல்வது இதைத்தான். வேகத்தைப் பல மடங்கு கூட்டிய தரம் அது. அதை எழுதியவர்கள் தற்காலிக ஒட்டு வேலையைப் புது வேகத்துக்குள் கொண்டுவர விரும்பவில்லை. WEP அல்லது TKIP பூட்டில் பேசும் கருவி 802.11n வேகங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று தரத்திலேயே எழுதிவிட்டார்கள். பின்னால் வந்த வைஃபை 5, வைஃபை 6 ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். எனவே TKIP-ஐப் பார்த்ததும் புது லேப்டாப்பும் புது ரவுட்டரும் தங்கள் புதுத் திறமையை மூட்டை கட்டிவிட்டு முந்தைய தலைமுறையான 802.11g-க்கு இறங்கிக்கொள்கின்றன. அந்தத் தலைமுறையின் உச்சம் 54.

AES கனமானது, சிப்புக்குச் சுமை என்ற பேச்சும் அந்தக் காலத்தோடு போக வேண்டியது. AES கணக்கைப் போடுவதற்கென்றே வைஃபை சிப்புக்குள் தனிப் பகுதி இருக்கிறது. லேப்டாப்பின் பிராசசருக்கு அந்த வேலை தெரியக்கூடத் தெரியாது.

## 54 எப்படி இருபத்திச் சொச்சம் ஆகிறது?

திரையில் 54 என்று இருந்தாலும் டவுன்லோடு 20, 22 என்றுதான் வரும். திரையில் தெரியும் எண் இணைப்பு வேகம். ஒரு பொட்டலம் காற்றில் பறக்கும் அந்த நொடித்துளியின் வேகம் மட்டுமே அது. ஒவ்வொரு பொட்டலத்தையும் அனுப்பும் முன் காற்று காலியாக இருக்கிறதா என்று கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அனுப்பிய பிறகு "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்கு மறுபடி காத்திருக்க வேண்டும். பழைய முறையில் இது ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனித்தனியாக நடக்கும். நேரத்தில் பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும்.

802.11n செய்த பெரிய காரியம் இங்கேதான். பல பொட்டலங்களை ஒன்றாகக் கட்டி, 64 கிலோபைட் வரை ஒரே மூச்சில் அனுப்பி, மொத்தத்துக்கும் ஒரே பதிலை வாங்கிக்கொள்கிறது. TKIP-இல் மாட்டிய கருவி இந்தக் கட்டு வசதியையும் சேர்த்தே இழக்கிறது. திரையில் எண் 802.11n-இன் 144-இலிருந்து 54-க்கு இறங்குவதை மட்டும் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மிஞ்சுகிறது என்று தோன்றும். கையில் கிடைக்கும் வேகத்தில் இழப்பு அதைவிட அதிகம்.

## உங்கள் வீட்டில் இதுதானா என்று எப்படித் தெரியும்?

விண்டோஸ் லேப்டாப் இருந்தால் வைஃபையில் இணைத்துவிட்டு, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் இதைத் தட்டுங்கள்:

```
netsh wlan show interfaces
```

வரும் விவரத்தில் நான்கு வரிகள் போதும். சிக்கல் உள்ள வீட்டில் அவை இப்படி இருக்கும்:

```
Radio type           : 802.11g
Authentication       : WPA-Personal
Cipher               : TKIP
Receive rate (Mbps)  : 54
```

`Cipher` என்ற வரிதான் தீர்ப்பு. அங்கே TKIP அல்லது WEP என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. CCMP என்று இருந்தால் இந்தக் கட்டுரையின் சிக்கல் உங்களுடையது அல்ல, வேறு இடத்தில் தேட வேண்டும். மேக்கில் ஆப்ஷன் விசையைப் பிடித்துக்கொண்டு மேலே உள்ள வைஃபை குறியைச் சொடுக்கினால் பாதுகாப்பு முறையும் இணைப்பு வேகமும் தெரியும். ஐஃபோனில் வைஃபை பெயருக்குக் கீழே `Weak Security` என்று காட்டுவதும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்லும் அடையாளம்தான்.

ஒரு எச்சரிக்கை. எண் 54-இல் நிற்பதற்கு TKIP தவிர வேறு காரணமும் உண்டு. ரவுட்டரில் WMM என்ற வசதியை யாராவது அணைத்து வைத்திருந்தாலும் கருவிகள் 802.11n-ஐ விட்டு இறங்கிவிடும். வயர்லெஸ் மோடை `b/g` என்று வைத்திருந்தாலும் அப்படித்தான். பூட்டு AES, எண் மட்டும் அசையாமல் 54 என்றால் இந்த இரண்டையும் பாருங்கள். சிக்னல் பலவீனத்தால் வரும் குறைவு வேறு மாதிரி இருக்கும்: எண் ஓரிடத்தில் நிற்காது, நடந்தால் ஏறும், இறங்கும்.

## பூட்டை மாற்றுவது எளிது, மாற்றியபின் யார் வெளியே நிற்பார்கள்?

ரவுட்டரில் ஒரு தேர்வை மாற்றிச் சேமிப்பது ஒரு நிமிட வேலை. பயம் அதற்குப் பின்னால்தான்: பிரிண்டர் போச்சா, கேமரா போச்சா, டிவி போச்சா? ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு நடந்து பார்ப்போம். நூறு எம்பிபிஎஸ் ஃபைபர் லைன். கேபிளில் 93 வருகிறது, வைஃபையில் 21. மூன்று ஃபோன், ஒரு லேப்டாப், ஒரு டிவி, ஒரு கேமரா, வீட்டோடு வளர்ந்த ஒரு பழைய பிரிண்டர். அந்தப் பிரிண்டருக்காகத்தான் யாரோ ஒரு காலத்தில் WPA-PSK, TKIP என்று வைத்திருக்கிறார்கள். ரவுட்டர் மாறியபோது புது ரவுட்டரிலும் அதே செட்டிங்கை அப்படியே போட்டுவிட்டார்கள். நிறைய வீடுகளில் கதை இதுதான்.

முதலில் ரவுட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கருவிகளையும் அப்போது ஓடவிட்டிருக்க வேண்டும். இப்போதுள்ள செட்டிங் பக்கத்தையும் ஒரு ஃபோட்டோ. ஏதாவது தகராறு என்றால் அப்படியே திருப்பி வைக்கலாம்.

அடுத்து லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டி ரவுட்டர் பக்கத்துக்குள் போங்கள். வைஃபை வழியாகவே போய் மாற்றினால், சேமித்த நொடியில் நம் காலடிப் பலகையை நாமே உருவியது போல் ஆகும்.

பெயரையும் பாஸ்வேர்டையும் தொடாதீர்கள். இதுதான் இந்த வேலையிலேயே முக்கியமான இடம். பூட்டு மட்டும் மாறி, பெயரும் பாஸ்வேர்டும் பழையபடியே இருந்தால் ஃபோன்களும் டிவியும் பெரும்பாலும் தாங்களே திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும். ஆர்வத்தில் அதையும் சேர்த்து மாற்றினால் ஒவ்வொரு கருவியிலும் ரிமோட்டை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டியிருக்கும். எது எதனால் விழுந்தது என்றும் தெரியாது. WEP-இலிருந்து வருபவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு: WEP-இல் ஐந்து எழுத்துப் பாஸ்வேர்டு வைக்க முடியும், WPA2-வுக்குக் குறைந்தது எட்டு வேண்டும்.

இப்போது ஒரே தாவலில் WPA2-வுக்குப் போகாமல் `WPA/WPA2-PSK`, `TKIP+AES` என்ற கலப்பு முறையில் வைத்துச் சேமிக்கலாம். கலப்பு முறையில் ஒவ்வொரு கருவியும் தனக்குத் தெரிந்த சிறந்த பூட்டை எடுத்துக்கொள்ளும். ரயில் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு கருவியும் தனி வண்டி, யார் எந்தப் பெட்டியைக் கோக்கிறார்களோ அவர்களுக்கு அந்த வேகம். நம் லேப்டாப்பில் கேபிளைக் கழற்றி, அந்த வைஃபையை `Forget` கொடுத்து அதே பாஸ்வேர்டில் சேர்ந்தபின் மறுபடி அந்தக் கட்டளையைத் தட்டினால் `Cipher` வரியில் CCMP, வேகம் 144 என்று வருகிறது. டவுன்லோடு எண்பதை ஒட்டி நிற்கிறது. பிரிண்டர் தன் TKIP-இலேயே இருந்துகொண்டு பழையபடி அச்சடிக்கிறது.

இந்த இடத்தில் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். வேகம் வந்துவிட்டதால் தவறு என்றும் சொல்ல முடியாது. ஆனால் இதை இறுதி நிலையாக வைக்க நான் ஒப்ப மாட்டேன். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக ரவுட்டர் அனுப்பும் செய்திகளை எல்லோராலும் திறக்க முடிய வேண்டும் என்பதால், கலப்பு முறையில் அவை TKIP பூட்டிலேயே போகின்றன. வீட்டின் பாதுகாப்பு அதன் பலவீனமான கருவியின் அளவுக்கு இறங்கி நிற்கிறது. கலப்பு முறையைத் தவிர்க்கச் சொல்லும் ஆப்பிளின் அறிவுரையும் இதனோடு ஒத்துப்போகிறது.

சில நாள் கழித்து, மறுபடி கேபிளை மாட்டி `WPA2-PSK`, `AES` என்று மட்டும் வைத்துச் சேமியுங்கள். ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் இருந்தால் இரண்டிலும் மாற்ற வேண்டும். பத்து நிமிடம் விட்டு, கருவிப் பட்டியலை முதலில் எடுத்த ஃபோட்டோவோடு ஒப்பிடுங்கள். யார் பெயர் காணோமோ அவர்தான் வெளியே நிற்பவர்.

சுருக்கமாக: பட்டியலைக் குறித்துக்கொள், கேபிளில் நுழை, பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே விடு, கலப்பு முறை வழியாக AES-க்குப் போ, பிறகு பட்டியலை ஒப்பிடு.

## வெளியே நிற்பவரை உள்ளே கூப்பிடுவது

காணாமல் போனவை எல்லாம் AES தெரியாதவை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2006 மார்ச்சிலிருந்து, வைஃபை சான்றிதழ் வாங்கும் புதுக் கருவிகள் எல்லாவற்றுக்கும் WPA2 கட்டாயம். உண்மையிலேயே முடியாதவை மிகக் குறைவு. பெரும்பாலும் நடப்பது, கருவி பழைய பூட்டின் பெயரை மனப்பாடம் செய்து வைத்திருப்பதுதான்.

விண்டோஸ் லேப்டாப் இதில் முதல் குற்றவாளி. அது வைஃபை பெயரோடு பூட்டின் வகையையும் சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளும். பூட்டு மாறியதும் இணைய முடியவில்லை என்று சொல்லும். அந்த வைஃபையை `Forget` கொடுத்து, அதே பாஸ்வேர்டைப் போட்டு மறுபடி சேர்ந்தால் சரியாகிவிடும். பிரிண்டர்களிலும் இதே கதை உண்டு. அதன் வயர்லெஸ் அமைப்பை முதலிலிருந்து ஓட்டினால், "நான் TKIP" என்ற நினைவு போய், AES-ஐ எடுத்துக்கொள்ளும்.

அப்படியும் வரவில்லை, மெனுவில் AES என்ற தேர்வே இல்லை என்றால், அந்தப் பிரிண்டரை யுஎஸ்பி அல்லது லேன் கேபிளில் மாட்டிவிடுவதே சிறந்த வழி. கேபிளுக்கு வழியில்லாத இடத்தில், ரவுட்டர் அனுமதித்தால் 2.4-இல் தனிப் பெயரில் இரண்டாவது வைஃபை ஒன்றைத் திறந்து, அதற்கு மட்டும் பழைய பூட்டைப் போடலாம். பாஸ்வேர்டு கட்டாயம் வேறாக இருக்க வேண்டும். கெஸ்ட் வைஃபையில் வைத்தால் ஒரு சிக்கல்: அதில் உள்ளவை வீட்டின் மற்றக் கருவிகளைப் பார்க்க முடியாதபடி ரவுட்டர் பிரித்து வைக்கும். கேமராவுக்கு அது நல்லது. பிரிண்டருக்கு அது ஆகாது, லேப்டாப்பிலிருந்து அச்சுக் கட்டளை போய்ச் சேராது.

தனிப் பெயர் என்றாலும் தண்டவாளம் ஒன்றுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். மெதுவான வண்டி முன்னால் போகும் நேரம் முழுக்கப் பின்னால் வருபவர் காத்திருக்க வேண்டும். எப்போதாவது அச்சடிக்கும் பிரிண்டரால் பெரிய பாதிப்பு இல்லை. நாள் முழுவதும் படம் அனுப்பும் கேமரா என்றால் அதை மாற்றிவிடுவது மேல்.

## WPA3-க்கே போய்விடலாமா?

வேகத்துக்காக என்றால் தேவையில்லை. WPA2-AES-இல் 54 என்ற தடை முழுக்க நீங்கிவிடுகிறது, WPA3 அதற்கு மேல் வேகம் எதையும் கூட்டுவதில்லை. அது தருவது வேறு: பாஸ்வேர்டைத் தெரிந்துகொள்ள, ஒட்டுக்கேட்ட தகவலை வீட்டுக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து ஊகித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது வழியை அடைக்கிறது. உங்கள் ரவுட்டரிலும் கருவிகளிலும் வைஃபை 6இ இருந்து 6 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்த வேண்டும் என்றால் WPA3 கட்டாயம்.

முயன்று பார்ப்பதானால் `WPA2/WPA3` கலப்பு முறையில் தொடங்குங்கள். இங்கே கலப்பில் இருப்பது AES மட்டும்தான், முன்பு சொன்ன கலப்பு முறையின் குறை இதில் இல்லை. பக்கத்தில் PMF என்று ஒரு தேர்வு இருந்தால் `Capable` அல்லது `Optional` என்று விடுங்கள். `Required` என்று வைத்தால் அது தெரியாத கருவிகள் எல்லாம் ஒரேயடியாக வெளியேறிவிடும். விலை குறைந்த ஸ்மார்ட் பல்புகளும் பிளக்குகளும் இந்தக் கலப்பையே பார்த்துத் தடுமாறுவது உண்டு. அப்படி ஒன்றிரண்டு விழுந்தால் 2.4-ஐ WPA2-AES-இலேயே விட்டுவிட்டு, 5-க்கு வேறு பெயர் கொடுத்து அதில் மட்டும் கலப்பு முறையை வையுங்கள்.